மூன்று கண்காட்சிகளுக்கு முன்னும் பின்னும் போட்ட பதிவுகள்: என் அனுபவம்

கப்பலூர் தொழிற்பேட்டையில் பாக்கெட் போடும் மெஷின் செய்து விற்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. மசாலாப் பொடி, பருப்பு, அரிசி, அப்பளக்காரர்களுக்கு உளுந்து மாவு என்று எதையும் பையில் நிரப்பி, ஒட்டி, வெட்டித் தள்ளும் மெஷின்கள். சேல்ஸ் பக்கத்து எழுத்து வேலை எல்லாம் என் தலையில். தமுக்கத்தில் இதுவரை மூன்று கண்காட்சிகளில் ஸ்டால் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் பதிவு போட்டு, ஆட்களை நேரம் குறித்து வரவழைக்கப் பார்த்தோம். அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதுதான் இது.

முதல் தடவை போட்டது பளபளப்பான போஸ்டர். மெஷின் படம், ஸ்டால் நம்பர், 'அனைவரும் வருக', மூலையில் ஒரு க்யூஆர் கோடு. போஸ்டரை ஃபோனில் பார்க்கிற மனுஷன் அந்தக் கோடை எந்த ஃபோனை வைத்து ஸ்கேன் பண்ணுவார் என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கூட்டம் வந்தது, காலேஜ் பையன்கள் வீடியோ எடுத்தார்கள், ஒரு டப்பா நிறைய விசிட்டிங் கார்டு சேர்ந்தது. நேரம் சொல்லி வந்தவர் ஒருத்தர்கூட இல்லை.

இரண்டாவது தடவை போஸ்டரை விட்டுவிட்டு வேறு மாதிரி எழுதினோம். 'உங்கள் பொருளில் இரண்டு கிலோ கொண்டு வாருங்கள், உங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டுகிறோம். எந்த நேரம் வசதி?' அவ்வளவுதான். கூடவே, அழுத்தினால் நேராக எங்கள் வாட்ஸ்அப் திறக்கிற லிங்க். எந்தப் பதிவைப் பார்த்து ஆள் வந்தார் என்று தெரிய ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=M1
https://wa.me/91XXXXXXXXXX?text=F1
```

M1 வாட்ஸ்அப்பில் போட்டது, F1 ஃபேஸ்புக்கில் போட்டது. அந்த இடத்தில் தமிழில் எழுதினால் லிங்க் சதவீதக் குறியும் எண்ணுமாக முழ நீளத்துக்கு நீண்டுவிடும். பார்க்கிறவர் ஏதோ மோசடி என்று நினைப்பார். குறி சின்னதாக இருப்பதே நல்லது.

ஸ்லாட் நிறைந்தது. ஆனால் அரை மணி நேரத்துக்கு ஒருவர் என்று குறித்ததில் மாட்டிக்கொண்டோம். காலை முதல் ஆள் மஞ்சள் தூள், அடுத்தவர் இட்லிப் பொடி. மஞ்சள் தூள் ஓடி முடிந்ததும் மெக்கானிக் அண்ணன் ஹாப்பரைக் கழற்றி, உள்ளே இருக்கிற திருகு போன்ற ஆகரை உருவித் துடைக்கிறார், காற்றடிக்கிறார், மறுபடி துடைக்கிறார். இட்லிப் பொடிக்காரர் பக்கத்திலேயே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இருபது நிமிஷம் கழித்து அவர் பொடி ஓடியது. முதல் நாலு பாக்கெட்டும் இளமஞ்சளாக வந்தன. 'தம்பி, இதை யாருக்கு விக்கச் சொல்றீங்க?' என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் திரும்ப வரவேயில்லை.

அந்த ஒரு நாளில்தான் பதிவு என்ன கேட்க வேண்டும் என்பது பிடிபட்டது. 'எந்த நேரம் வசதி' என்று மட்டும் கேட்டால் நேரம்தான் கிடைக்கும். மூன்றாவது தடவை பதிவிலேயே மூன்று கேள்வி வைத்தோம்: என்ன பொருள், எத்தனை கிராம் பாக்கெட், இப்போது கையால் போடுகிறீர்களா மெஷினிலா. பதிலைப் பார்த்து நேரத்தை நாங்களே சொன்னோம். அரிசி, பருப்பு மாதிரி தானாகச் சரிகிற பொருளுக்குக் கப் வைத்து அளக்கிற மெஷின். அது தனி, துடைப்பதும் சுலபம். பொடி வகைக்கு ஆகர் மெஷின். அதில் வெளுப்பான பொடி முதலில், மல்லி அடுத்து, மஞ்சளும் மிளகாயும் கடைசியில். ஒரு ஆளுக்கு முக்கால் மணி நேரம், காலை 11 மணியிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து பேர். மாலை குடும்பத்தோடு சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு விட்டுவிட்டோம். வெள்ளிக்கிழமை 12 மணி வரை ராகு காலம் என்று முதல் ஸ்லாட்டை யாரும் எடுக்கவில்லை. சோதனை ஓட்டத்துக்கு என்ன ராகு காலம் என்று நான் வாதாடப் போனேன். 'விடுப்பா, அவங்க காசு' என்றார் முதலாளி.

அருப்புக்கோட்டைப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் மிளகாய்த் தூள் கொண்டு வந்தார், 100 கிராம் பாக்கெட். காலையில்தான் மில்லில் அரைத்திருக்கிறார். பையைத் தொட்டால் இன்னும் சூடு. சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும். அதோடு, புதுப் பொடி காற்றோடு பொங்கி இருக்கும், போகப் போக அமுங்கும், எடை நிலையாக நிற்காது. தட்டில் பரப்பி ஆறவிட்டு அரை மணி கழித்து ஓட்டினோம். முதலில் எடை தாறுமாறு. ஹாப்பரில் கிளறும் துடுப்பின் வேகத்தைக் கூட்டிய பிறகு அடுத்தடுத்து வந்த பத்துப் பாக்கெட்டைத் தராசில் வைத்தோம். வெறும் பையின் எடையைக் கழித்தால் எல்லாமே 98.5-க்கும் 101.5-க்கும் நடுவில். ஒன்றில் மட்டும் ஒட்டு பிரிந்தது. ஒட்டுகிற இடத்தில் தூசி சிக்கியிருந்தது. அதை மறைக்காமல் அவரிடமே காட்டினோம்.

பின்னால் போட்ட பதிவுகளில் அதிகப் பேரை இழுத்தது இந்தத் தராசு வீடியோதான். மெஷின் ஓடுகிற வீடியோவுக்கு லைக் வரும். தராசு வீடியோவுக்கு 'நம்ம மல்லிக்கு இப்படி நிக்குமா' என்று கேள்வி வரும். கேள்வி கேட்டவரிடம் ஐந்து கிலோவோடு கப்பலூருக்கு வரச் சொல்லி நாள் குறிப்பது லேசு. அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டு, அவர் பிராண்டு தெரியாதபடி வெறும் ஃபிலிமில் ஓட்டியதைத்தான் போட்டோம். இரண்டாவது கண்காட்சியில் ஒரு வாடிக்கையாளரின் அச்சடித்த பை தெரிகிற படத்தைக் கேட்காமல் போட்டு, அவருடைய போட்டிக்காரர் அதை அவருக்கே அனுப்பி, நாங்கள் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை தனி.

இதிலெல்லாம் பெரிய குறை ஒன்று உண்டு. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் எங்கள் நம்பரை ஃபோனில் சேமித்தவருக்குத்தான் போகும். ஸ்டேட்டஸும் அப்படித்தான், இரண்டு பக்கமும் சேமித்திருக்க வேண்டும். ஒரு பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்கவும் முடியாது. முதல் கண்காட்சி கார்டுகளை எல்லாம் நான் உட்கார்ந்து ஏற்றி அனுப்பியதில் பாதிக்கு மேல் ஒற்றை டிக்கோடு நின்றது இதனால்தான். இப்போது ஸ்டாலில் கார்டு வாங்குவதில்லை. 'ஒரு வணக்கம் அனுப்புங்கண்ணே' என்று அவர் ஃபோனிலிருந்தே செய்தி போட வைத்து, எங்கள் நம்பரையும் அங்கேயே சேமிக்கச் சொல்கிறோம். வந்த செய்திக்கு 'மிளகாய் 100', 'பருப்பு 500' என்று லேபிள். பிறகு மிளகாய் வீடியோ மிளகாய்க்காரருக்கு மட்டும்.

மூன்றாவது கண்காட்சிக்கு 14 பேர் நேரம் வாங்கி, 11 பேர் வந்தார்கள். அதில் ஆறு பேர் பிறகு கப்பலூருக்கு வந்தார்கள், இரண்டு மெஷின் போனது. வந்த ஆர்டர் இரண்டும் M குறிதான். F குறியில் வந்தவர்களில் பாதிப் பேர் விலையை மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள், எங்கள் வேலைக்கு ஃபேஸ்புக் அவ்வளவுதான். அண்ணாச்சி கொட்டேஷன் வாங்கிக்கொண்டு போனார். ஒட்டு பிரிந்த அந்தப் பாக்கெட்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆனி கடைசியில் ஃபோன் பண்ணியபோது, 'ஆடி வருதுல்ல, ஆவணி பிறக்கட்டும், அட்வான்ஸோட வாரேன்' என்றார். காலண்டரில் ஆவணி 1-ஐ வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.