கூரை ஒழுகினால் வாட்சாப்பா, மலாயில் கடிதமா?

கிள்ளானில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டில், போன நவம்பர் மழைக்குப் பின்னறை சிலிங்கில் தேத்தண்ணி நிறத்தில் ஒரு கறை வந்தது. முதலில் தட்டு அளவு, ஒரு வாரத்தில் தாம்பாளம் அளவு. வீட்டுக்காரர் வயதான மலாய்க்காரர், நேரில் 'பாக்சிக்' என்றுதான் கூப்பிடுவேன். வாட்சாப் அனுப்பினேன், பிறகு கடிதமும் கொடுத்தேன்.

வேகம் வேண்டுமென்றால் வாட்சாப்தான், அதில் பேச்சே இல்லை. படம் போகும், 'பும்புங் போச்சோர், பாக்சிக்' என்றால் போதும், மலாய் இலக்கணம் யாரும் பார்ப்பதில்லை. எனக்கும் "நந்தி பாக்சிக் தெங்ஙோக்" என்று உடனே பதில் வந்தது. வந்து பார்ப்பார் என்று மூன்று வாரம் வாளி வைத்துக்கொண்டு இருந்தோம்.

நான் கடிதத்தின் பக்கம் சாய்வதற்குக் காரணம் டெபாசிட். இரண்டு மாத வாடகை அவர் கையில் இருக்கிறது. வீட்டைக் காலி செய்யும் நாளில் சிலிங் உப்பி, சுவரில் பூஞ்சை இருந்தால், அது நம்மால் வந்ததல்ல, இன்ன தேதியிலேயே சொல்லிவிட்டோம் என்று காட்ட ஒரு தாள் வேண்டும். வாட்சாப்பும் சாட்சிதான், ஆனால் போன் மாறினால் தேடி அலைய வேண்டும், "நந்தி" என்ற பதிலில் எந்தத் தேதியும் இல்லை. கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அவரிடம் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொண்டேன்.

எழுதும்போது ஒரு சொல்லில் கவனம் வேண்டும். 'துவான் மெஸ்தி பைக்கி' என்று முதலில் எழுதியிருந்தேன். பக்கத்து வீட்டு மக்சிக் படித்துவிட்டு, இது உத்தரவு போடுவது மாதிரி இருக்கிறது, 'மொஹோன்' என்று போடு என்றார். நேரில் பாக்சிக் என்றாலும் கடிதத்தில் 'துவான்'தான். தலைப்பு, அதன் கீழே எந்த அறை, எந்தத் தேதியிலிருந்து, எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டுகிறோம் (நான் 14 நாள் கேட்டேன்), ஆள் வந்தால் நாங்கள் வீட்டில் இருக்கும் நேரம், அவ்வளவுதான். முடிவில் 'செக்கியான், தெரிமா காசே'.

இன்னொன்று, மழை பெய்தால் மட்டும் ஒழுகுகிறதா, மழையில்லாத நாளிலும் சொட்டுகிறதா என்று ஒரு வாரம் பார்த்து எழுதுங்கள். மழையில்லாமலும் சொட்டினால் மேலே தண்ணீர்த் தொட்டியோ பைப்போ காரணமாக இருக்கலாம், அப்போது அழைக்க வேண்டிய ஆளே வேறு. எங்களுடையது மழைக்கு மட்டும், காற்று பின்பக்கமிருந்து அடித்தால் அதிகம். அதை எழுதியதால் வந்தவர் நேரே பின்வரிசை ஓடுகளைத்தான் பார்த்தார், ஒன்றில் விரிசல் விட்டிருந்தது.

செலவை வாடகையில் கழித்துக்கொள்வதாக மட்டும் எழுத வேண்டாம், வாடகை பாக்கி என்று ஆகிவிடும். ஏஜென்ட் நடுவில் இருக்கும் வீட்டில் இதே முறை எடுபடுமா என்று என்னால் சொல்ல முடியாது, என் அனுபவம் இந்த ஒரு வீட்டோடுதான். இப்போதும் முதலில் வாட்சாப் அனுப்புகிறேன், அன்று மாலையே கடிதத்தையும் எழுதிவிடுகிறேன்.