ஐந்தாகவே வைப்பதா, குறைப்பதா?

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தையைப் பற்றி, "தேக்கா சந்தைக்குப் போக ஐந்து காரணங்கள்" என்று தோழி எழுதியிருந்தார். விலை மலிவு, பணம் மிச்சமாகும், காய் புதுசு, முருங்கைக்கீரை கிடைக்கும், ஊர்க்காய்கள் கிடைக்கும். இரண்டாவதையும் நான்காவதையும் மறைத்துவிட்டுப் படித்தேன். கீரை என்ற ஒரு சொல்லைத் தவிர எதுவும் குறையவில்லை. அதை ஊர்க்காய்களோடு சேர்த்துவிடலாம்.

ஆக, இருப்பது மூன்றுதான். தலைப்பை "மூன்று" என்று மாற்றினால் வேலை சீக்கிரம் முடியும்.

ஐந்தாகவே வேண்டுமென்றால் வார்த்தையை மாற்றினால் போதாது, புதுச் செய்தி வேண்டும். சந்தையின் மாடியில் துணிக்கடைகளும் தையல்காரர்களும் உண்டு. காய் வாங்கப் போகிறவர் அப்படியே ரவிக்கையும் தைக்கக் கொடுக்கலாம். சரி, இது நிஜமாகவே வேறு காரணம். அப்புறம் ஐந்தாவதாக "நல்ல அனுபவம்" என்றார். அது எந்தச் சந்தைக்கும் பொருந்துமே! நான்கோடு நிறுத்தச் சொன்னேன்.