என்பிஎஸ்ஸா, சராசரி ரேட்டிங்கா: எந்த எண்ணின் தப்பு சீக்கிரம் பிடிபடும்?

வாடிக்கையாளர் கருத்துச் சுருக்கம் எதை எடுத்தாலும் முதல் பக்கத்தில் இரண்டு எண்கள் பக்கத்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஒன்று நெட் புரமோட்டர் ஸ்கோர், அதாவது என்பிஎஸ். இன்னொன்று திருப்தியை 1 முதல் 5 வரை குறிக்கச் சொல்லும் லிக்கர்ட் கேள்வியின் சராசரி. இரண்டில் எது நல்ல அளவுகோல் என்ற விவாதம் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதை இங்கே எடுக்கவில்லை. அறிக்கை கைக்கு வந்த பிறகு எந்த எண்ணைச் சரிபார்க்க முடியும், எதில் தப்பு ஒளிந்துகொள்ளும் என்பதைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறேன்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். அறிக்கையில் இருப்பது ஒரே வரி: பதிலளித்தோர் 50, என்பிஎஸ் 25, திருப்திச் சராசரி 3.91. மூலத் தரவு இன்னும் கையில் இல்லை.

என்பிஎஸ்ஸை 2003இல் ஃபிரெட் ரைக்ஹெல்ட் அறிமுகப்படுத்தினார். 'பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா?' என்ற கேள்விக்கு 0 முதல் 10 வரை பதில். 9, 10 கொடுத்தவர்கள் புரமோட்டர்கள். 7, 8 பாஸிவ்கள். 0 முதல் 6 வரை டிட்ராக்டர்கள். புரமோட்டர் சதவீதத்திலிருந்து டிட்ராக்டர் சதவீதத்தைக் கழித்தால் ஸ்கோர். ஆக 50 பேர் பதில் சொன்னால் ஒவ்வொருவரும் 2 புள்ளி. ஸ்கோர் எப்போதும் இரட்டைப்படையாகத்தான் வரும். 25 வரவே வராது.

சராசரிக்கும் இதே சோதனை பொருந்தும். முழு எண்களைக் கூட்டி 50ஆல் வகுத்தால் விடை 0.02 படிகளில்தான் நகரும். 3.90 வரும், 3.92 வரும், 3.91 வராது. ஆய்வுக் கட்டுரைகளில் அச்சான சராசரிகளைச் சோதிக்க நிக் பிரவுனும் ஜேம்ஸ் ஹீதர்ஸும் 2016இல் வெளியிட்ட 'கிரிம்' சோதனை இதுதான். தரவே இல்லாமல், அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் செய்துவிடலாம். ஆனால் எல்லை உண்டு. பதிலளித்தோர் 100ஐத் தாண்டிவிட்டால் முழு எண்ணாக அச்சான என்பிஎஸ்ஸிலும், இரண்டு தசமம் கொடுத்த சராசரியிலும் எந்த எண்ணும் சாத்தியம்தான். சராசரியை 3.9 என்று ஒரே தசமத்தில் கொடுத்தால் 10 பேருக்கு மேல் போனதுமே சோதனை பலிக்காது. அதனால்தான் இரண்டு தசமம் கேட்டு வாங்குங்கள் என்று சொல்வேன். மூன்று நான்கு கேள்விகளைச் சேர்த்து எடுத்த சராசரி என்றாலும் படிகள் நெருங்கிப்போய் சோதனை வலுவிழந்துவிடும்.

சரி, இரண்டு எண்ணும் இடிக்கிறது. எங்கே தப்பு? 3.91க்கு முதல் சந்தேகம் விடுபட்ட பதில்கள். 47 அல்லது 46 பேர் மட்டும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தால் 3.91 வரும். 25க்கு இரண்டு வழிகள் தோன்றுகின்றன: பரிந்துரை பற்றிய முதல் கேள்விக்கு 48 பேர் பதில் சொல்லி, டிட்ராக்டர்களைவிடப் புரமோட்டர்கள் 12 பேர் அதிகமாக இருந்திருக்கலாம், இல்லையென்றால் யாரோ பாஸிவ்களை வகுக்கும் எண்ணிலிருந்தே தூக்கியிருக்கலாம். இதற்கு மேல் ஊகிக்க வேண்டாம், எண்ணிக்கைப் பட்டியலைக் கேட்க வேண்டியதுதான்.

பட்டியல் வந்தது என்று வையுங்கள். முதல் கேள்விக்கு 50 பேரும் பதில் சொல்லியிருக்கிறார்கள்: புரமோட்டர் 20, பாஸிவ் 18, டிட்ராக்டர் 12. சரியான ஸ்கோர் 40 கழித்தல் 24, அதாவது 16. பாஸிவ்களை விட்டுவிட்டு 8ஐ 32ஆல் வகுத்ததால் 25 வந்திருக்கிறது. பாஸிவ்கள் கழித்தலில் வராததால் அவர்களை எண்ணவே வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். மிகச் சாதாரணமாக நடக்கும் தப்பு இது, எப்போதும் ஸ்கோரைப் பூஜ்ஜியத்திலிருந்து தள்ளியே காட்டும். திருப்திக் கேள்வியில் 5 என்று 18 பேர், 4 என்று 16, 3 என்று 6, 2 என்று 2, 1 என்று 4. மொத்தம் 46 பேர், கூட்டுத்தொகை 180, சராசரி 3.91. கணக்கு சரி, பக்கத்தில் 50 என்று போட்டதுதான் தப்பு.

விரிதாளில் முதல் கேள்வி A நெடுவரிசையிலும் திருப்தி B நெடுவரிசையிலும் இருந்தால் இவ்வளவு போதும்:

```
=(COUNTIF(A2:A51,">=9")-COUNTIF(A2:A51,"<=6"))/COUNT(A2:A51)*100
=AVERAGE(B2:B51)
=COUNT(B2:B51)
=MIN(B2:B51)
```

கடைசி வரியில்தான் இரண்டு எண்களுக்கும் இடையிலான பெரிய வித்தியாசம் இருக்கிறது. தரவை ஏற்றுமதி செய்யும்போது விடுபட்ட பதில் 0 என்று பதிவாகிவிட்டால், லிக்கர்ட் நெடுவரிசையில் MIN உடனே 0 காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் அங்கே குறைந்தபட்சமே 1தான். என்பிஎஸ்ஸில் 0 செல்லுபடியாகும் பதில். பதிலே சொல்லாதவர் அங்கே கடும் அதிருப்திக்காரராக மாறி டிட்ராக்டர் கணக்கில் ஏறிவிடுவார், எந்தச் சூத்திரமும் முனகாது. இதே நிலை சராசரிக்கு வந்தாலும் 180ஐ 50ஆல் வகுத்து 3.60 என்று வரும். அது அச்சில் படிச் சோதனையைத் தாண்டிவிடும். தரவைத் திறந்தால்தான் மாட்டும். ஆனால் திறந்தால் நிச்சயம் மாட்டும்.

அசைவு விஷயத்தில் என்பிஎஸ் இன்னும் சங்கடம் தரும். இதே 50 பேரில் ஐந்து பேர் 6லிருந்து 7க்கு நகர்ந்தால் ஸ்கோர் 16லிருந்து 26க்குத் தாவும். அதே 0–10 பதில்களின் சராசரி 0.1தான் ஏறும். ஐந்து பேர் 0விலிருந்து 6க்கு வந்தால் சராசரி 0.6 ஏறும், என்பிஎஸ் அசையவே அசையாது. அப்புறம் பிழை எல்லை. இந்தத் தரவில் 95 சதவீத நம்பிக்கையில் என்பிஎஸ் 16க்கு இருபுறமும் சுமார் 22 புள்ளி, சராசரி 3.91க்கு இருபுறமும் சுமார் 0.35. அளவுகோலின் நீளத்தோடு வைத்துப் பார்த்தால் சராசரி கொஞ்சம் நிதானமானது, ரொம்பப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 'என்பிஎஸ் 10 புள்ளி ஏறியது' என்று படிக்கும்போது ஏதோ நடந்துவிட்ட மாதிரி இருக்கும். 50 பேரை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது.

சராசரிக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு: தலைகீழாகப் புரிந்துகொள்ளப்பட்ட அளவுகோல். 1 என்றால் 'மிகத் திருப்தி' என்று நினைத்துக் குறித்தவர் படிச் சோதனை, MIN சோதனை இரண்டையும் தாண்டிப் போய்விடுவார். இங்கே என்பிஎஸ் கேள்விதான் சாட்சி. திருப்திக்கு 1 கொடுத்த அந்த நான்கு பேரின் வரிசைகளை எடுத்து முதல் கேள்விக்கு என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்று பேர் 9 அல்லது 10 கொடுத்திருந்தால் அளவுகோல் குழப்பியிருக்கிறது என்று சந்தேகிக்க நல்ல காரணம் இருக்கிறது. அந்த மூன்றையும் 5 என்று நாமாகத் திருத்துவது கூடாது. திருத்தினால் சராசரி 4.17 ஆகிவிடும், அது அவர்கள் சொன்ன எண் இல்லை. உள்ளபடி 3.91 என்று போட்டு, கீழே ஒரு குறிப்பாக மூன்று முரண்பட்ட பதில்கள் இருப்பதையும் அவை தலைகீழ் என்றால் சராசரி எவ்வளவு மாறும் என்பதையும் எழுதலாம்.

ஆக, ஒரே ஒரு எண்ணுக்குத்தான் இடம் என்றால் சராசரியைத்தான் தேர்ந்தெடுப்பேன், தப்பு செய்தால் அது சீக்கிரம் மாட்டும் என்பதால். என்பிஎஸ் கட்டாயம் என்றால் தனியாக விடக்கூடாது. இந்த உதாரணத்தில் வரி இப்படி வர வேண்டும்: என்பிஎஸ் 16 (பதில்கள் 50, புரமோட்டர் 20, பாஸிவ் 18, டிட்ராக்டர் 12), திருப்திச் சராசரி 3.91 (பதில்கள் 46, பதில் இல்லை 4).