நிகோடின் பேட்ச்: ஒட்டியபடியே தூங்கலாமா, கழற்றிவிட்டுத் தூங்கலாமா?

சிகரெட்டை விட்ட முதல் வாரத்தில் தூக்கம் கெடுவது வழக்கம்தான். பேட்ச் ஒட்டிக்கொண்டவர்களுக்குக் கூடவே ஒரு குழப்பமும் சேர்ந்துகொள்ளும். நடுராத்திரியில் விழிப்பு வருகிறது, கண்ணெதிரே நடப்பதுபோலக் கனவுகள் வருகின்றன. இது சிகரெட் இல்லாததாலா, தோளில் இருக்கும் பேட்சினாலா?

உடலில் நிகோடினின் அளவு ஏறக்குறைய 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். புகைத்த காலத்தில் படுக்கப் போகும்போது இருந்த நிகோடின், விடியும்போது கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும். காலையில் முதல் சிகரெட்டுக்குக் கை பரபரப்பது அதனால்தான். ஆக, நிகோடின் குறைந்துகொண்டே போகும் இரவுகளுக்குத்தான் மூளை பழகியிருக்கிறது. 24 மணி நேர பேட்ச் விடிய விடிய நிகோடினைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். நிகோடின் விழிப்பூட்டும் பொருள் என்பதால் சிலருக்குத் தூக்கம் மேலோட்டமாகிறது; அடிக்கடி விழிப்பதால் கனவுகளும் நன்றாக நினைவில் நிற்கின்றன.

அப்படியானால் எல்லோரும் கழற்றிவிடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். ஒட்டியபடி தூங்குபவருக்குக் கண் விழிக்கும்போதே உடலில் நிகோடின் இருக்கும். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைத்துப் பழகியவருக்கும், தூக்கத்தில் எழுந்து புகைத்தவருக்கும் இது பெரிய துணை. இரவில் கழற்றுபவர் காலையில் புதிதாக ஒட்டினாலும், அளவு உச்சத்துக்கு ஏறச் சில மணி நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

நாளுக்கு 20 சிகரெட் பிடித்தவர், எழுந்த 10 நிமிடத்தில் முதல் சிகரெட் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 10-க்கு மேல் புகைத்தவர்களுக்கு வழக்கமான தொடக்கம் 21 மில்லிகிராம் பேட்ச். அவர் அதை இரவு 10 மணிக்கு, படுக்கும் முன் ஒட்டுகிறார். அளவு ஏறி உச்சம் தொடுவது சரியாகத் தூக்க நேரத்தில். முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான்: ஒட்டும் நேரத்தைக் காலைக்குக் கொண்டுவர வேண்டும். பலருக்கு இதுவே போதும்.

அப்படியும் கனவுகள் வாட்டினால், படுக்கும்போது பேட்சைக் கழற்றிவிடலாம். பேட்சின் பெட்டியிலேயே இந்த அறிவுரை இருக்கும். கழற்றிய பிறகும் தோலில் தங்கிய நிகோடின் சிறிது நேரம் இறங்கிக்கொண்டிருக்கும் என்பதால், படுப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்பே எடுப்பது நல்லது. காலையில் எழுந்ததும் வேறொரு இடத்தில் புதியதை ஒட்டிவிட்டு, அது வேலை செய்யத் தொடங்கும்வரை 4 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் ஒன்றை எடுத்துக்கொண்டால் காலை இடைவெளி அடைபடும். சாதாரண கம் போல மென்றுகொண்டே இருந்தால் நிகோடின் வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். காரம் தெரியும்வரை மெல்ல மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மீண்டும் மெல்லலாம். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து காபியோ பழச்சாறோ கூடாது. புளிப்பு, நிகோடினை வாய்த்தோல் உறிஞ்சவிடாது.

கழற்றி மூன்று நான்கு இரவுகளில் கனவுகள் அடங்கினால் காரணம் பேட்ச்தான். அடங்காவிட்டால் அது சிகரெட்டை விட்டதன் விளைவு. அப்போது பேட்சைக் கழற்றி வைப்பதில் லாபமில்லை. திரும்ப ஒட்டியபடியே தூங்குவது மேல். இரண்டு நிலையிலும் செய்யக் கூடாத தவறு, கனவுக்குப் பயந்து முதல் வாரத்திலேயே 21-லிருந்து 7-க்கு இறங்குவது. அது பகல் முழுவதும் ஏக்கத்தைக் கிளப்பிவிடும். பெரும்பாலான பேட்ச்களில் 21-ஐ 6 வாரம் ஒட்டிய பிறகுதான் 14, 7 என்று இரண்டிரண்டு வாரமாக இறங்குவார்கள்.

16 மணி நேர பேட்ச் என்றே தனியாகவும் உண்டு. இரவில் கழற்றுவதற்காகவே செய்யப்பட்டது. கர்ப்பிணிகளுக்கும் இரவில் கழற்றும் முறையே சொல்லப்படுகிறது, ஆனால் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

கழற்றியவருக்கு 3 மணிக்கு ஏக்கம் வந்து விழிப்பு தட்டினால்? எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, சில நிமிடம் பொறுத்துப் பார்க்கலாம். ஏக்கத்தின் அலை பெரும்பாலும் அதற்குள் தணிந்துவிடும். வாயில் கம்மை ஒதுக்கியபடி மட்டும் மீண்டும் படுக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கலாம். இரவுதோறும் இப்படி விழிப்பு வந்தால், அவருக்கு ஏற்றது ஒட்டியபடி தூங்கும் முறைதான்.

எந்த முறையும் பலிக்காதபோது காபியையும் டீயையும் கவனியுங்கள். சிகரெட் புகையில் உள்ள தார்ப் பொருட்கள், காஃபீனைக் கல்லீரல் வேகமாகக் கரைக்கும்படி தூண்டிவந்தன. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்து, அதே இரண்டு கப் காபி உடலில் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தங்கும். பேட்ச் இதை ஈடுகட்டாது. காரணம் புகை, நிகோடின் அல்ல. காபி, டீயின் அளவைப் பாதியாக்கி, மதியத்துக்குப் பிறகு நிறுத்திப் பார்த்துவிட்டு, அதன் பிறகு பேட்சின்மேல் பழி போடலாம்.

கழற்றிய பேட்சில் இன்னும் நிகோடின் மிச்சமிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் போடுங்கள்.