மாலைச் செய்திகள் ஒரே அறிக்கையாக: கூகுள் படிவமா, வரிச் செய்தியா?

எங்கள் விநியோக நிலையத்தில் ஆறு விற்பனைப் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். வாழைச்சேனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையும் படுவான்கரைப் பக்கமும் அவர்களுடைய ரூட்டுகள். ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபது கடைகளுக்குப் போகிறார்கள். மாலையில் அவர்கள் வட்ஸ்அப்பில் அனுப்புவதை ஒரே வடிவ அறிக்கையாக்கி, இரவு ஒன்பது மணிக்குள் பிராந்திய முகாமையாளருக்கு அனுப்புவது என் வேலை. கையால் தட்டச்சு செய்வது, கூகுள் படிவம், கடைக்கு ஒரு வரியாக எழுதும் வரி வடிவச் செய்தி ஆகிய மூன்று வழிகளிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். இப்போது மூன்றாவதில் நிற்கிறேன், அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

முன்பு வந்த செய்திகள் எப்படியிருந்தன என்பதற்கு ஒரு மாதிரி: “கொக்கட்டிச்சோலை பரவாயில்ல சேர். பாலத்தடிக் கடை 2 பெட்டி, காசு வெள்ளிக்குத் தாறாராம். கோயிலடி பூட்டு. மற்றக் கடைக்காரர் பழைய 3500 தந்திட்டார்.” எழுதியவருக்கு இது முழுமையான செய்தி. ஆனால் “மற்றக் கடை” எது என்பதை நான் ஊகிக்க வேண்டும். அதைவிட மோசமானது, அன்றைக்குப் போய் ஒன்றும் விற்காத கடைகளை எவரும் எழுதுவதில்லை. முகாமையாளர் முதலில் பார்ப்பதோ, எத்தனை கடைக்குப் போனார்கள், அதில் எத்தனை கடை ஆர்டர் தந்தது என்ற இரண்டு எண்களைத்தான். வெறுங்கையோடு திரும்பிய கடைகள் விடுபட்டால் அந்த விகிதம் பொய்யாகிவிடும். கையால் தட்டச்சு செய்வதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நூற்றிருபது வரிகளை அடிக்க ஒன்றரை மணி நேரம் போகும், ஊகம் முழுவதும் என் தலையில் விழும்.

கூகுள் படிவம் பார்வைக்கு மிகவும் ஒழுங்கானது. கடைப் பெயரைப் பட்டியலிலிருந்து தெரிவு செய்து, தொகையை எழுதி அனுப்பினால் அது கூகுள் ஷீட்ஸ் தாளில் தானாக ஒரு வரியாக விழுந்துவிடும். ஆனால் ஒரு கடைக்கு ஒரு படிவம் என்றால் இருபது தடவை திறக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் நீண்ட பட்டியலை உருட்ட வேண்டும். படிவத்தை அனுப்பும் நேரத்தில் இணைப்பும் இருக்க வேண்டும். சிக்னல் விட்டு விட்டு வரும் இடங்களில் எங்கள் பிள்ளைகள் பொறுமை இழந்து, இரவு வீட்டிலிருந்து நினைவை வைத்து நிரப்பத் தொடங்கினார்கள். வட்ஸ்அப் செய்தியோ சிக்னல் இல்லாவிட்டால் கடிகாரக் குறியோடு காத்திருந்து, பிரதான வீதிக்கு வந்ததும் தானாகப் போய்விடும்.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடிய குறைகள். நான் படிவத்தைக் கைவிட்டதற்குக் காரணம் வேறு: பிழை கண்ணில் படுகிறதா, பட்டால் அதை எவ்வளவு எளிதாகத் திருத்தலாம் என்பதே அது. பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கடைகளில் விரல் தவறி மற்றதைத் தொட்டால், தாளில் வந்து விழும் வரி எந்தக் குறையுமில்லாமல் சுத்தமாக இருக்கும். அது தவறென்று சந்தேகிக்க ஒரு தடயமும் இராது. பிரதிநிதி தானே கவனித்துத் திருத்த நினைத்தாலும், அனுப்பிய பின் திருத்தும் அனுமதியைப் படிவ அமைப்பில் இயக்கியிருக்க வேண்டும். அதற்கான இணைப்பையும் அவர் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நடைமுறையில் எவரும் வைத்திருப்பதில்லை, மறுபடி ஒன்றை நிரப்பி அனுப்பிவிடுவார்கள். அப்போது ஒரே கடைக்கு இரண்டு வரிகள் வரும். அது திருத்தமா, இரண்டாம் முறை போனதா என்று ஒன்பது மணிக்கு எப்படித் தெரியும்?

வரி வடிவம் என்பது இவ்வளவுதான்: ஒரு கடைக்கு ஒரு வரி, அதில் கடைக் குறியீடு, ஆர்டர் ரூபாய், வசூல் ரூபாய், குறிப்பு. ஒன்றும் இல்லையென்றால் சுழியம் போட வேண்டும். குறியீட்டின் முதலெழுத்து ரூட்டைக் குறிக்கும். மேலே சொன்ன அதே நாள், இன்னொரு கடையையும் சேர்த்து, இப்படி வரும்:

```
K014#8400#0#காசு வெள்ளி
K017#0#0#பூட்டு
K019#0#3500#
K02#2600#0#
```

பிரதிநிதி நாள் முழுவதும் இதை ஒரே செய்தியாக எழுதிக்கொண்டே போய் மாலையில் அனுப்புகிறார். அந்தச் செய்தியை மட்டும் நகலெடுத்துத் தாளின் A நிரலில் ஒட்டினால் வரிக்கு ஒரு கட்டமாக அமர்ந்துவிடும். பல செய்திகளை ஒன்றாகத் தெரிவு செய்து நகலெடுத்தால் திகதியும் பெயரும் முன்னால் ஒட்டிக்கொண்டு வரும், ஆகவே ஒவ்வொன்றாகவே எடுக்க வேண்டும். குறியீடுகளும் கடைப் பெயர்களும் `Shops` என்ற தனித் தாளின் A, B நிரல்களில் இருக்கின்றன. பிறகு இரண்டு சூத்திரங்கள்:

```
B2: =SPLIT(A2,"#",TRUE,FALSE)
F2: =IFNA(VLOOKUP(B2,Shops!A:B,2,FALSE),"குறியீடு?")
```

முதலாவதில் கடைசியாக வரும் `FALSE` முக்கியமானது. அதை விட்டால் நடுவில் வெறுமையாக விடப்பட்ட இடம் மறைந்து, வசூல் போய் ஆர்டர் நிரலில் உட்கார்ந்துவிடும். மேலே உள்ள நான்காவது வரியில் குறியீடு குறையாக இருப்பதால் கடைப் பெயருக்குப் பதில் “குறியீடு?” என்று வரும். அதே வரியின் A நிரலில் அவர் எழுதியது அப்படியே இருப்பதால், ஒரு தொலைபேசி அழைப்பில் K020 என்று தெரிந்துகொண்டு அந்தக் கட்டத்தையே திருத்தினேன். நான்கு கடை, இரண்டு ஆர்டர், 11,000 ரூபாய், வசூல் 3,500 என்று அறிக்கை முடிந்தது. எண் மாறி இன்னொரு சரியான குறியீடாகிவிட்டால் இந்தச் சூத்திரம் பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் கொக்கட்டிச்சோலை நாளில் V எழுத்தோடு ஒரு கடை வந்தால் கண்ணே காட்டிக் கொடுக்கும். ஒரே ரூட்டுக்குள் மாறினால் படிவத்தைப் போலவே இதுவும் தப்பிவிடும்.

முதல் வாரம் நான் `#` அல்ல, சாய்கோட்டைத்தான் பிரிகுறியாக வைத்தேன், அது பெரிய தவறு. நம்மவர்கள் பில் எழுதிப் பழகிய கை 8400 என்று நிறுத்தாது, 8400/= என்றுதான் போடும். அந்தச் சாய்கோட்டில் வரி ஒரு முறை கூடுதலாகப் பிளந்தது. `#` வந்த பிறகு வரி பிளப்பதில்லை. ஆனால் 8400/= என்பது எண்ணாக அல்லாமல் எழுத்தாக நிற்பதால், கூட்டுத்தொகை அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஒரு நாள் மொத்தம் குறைந்தே போய்விட்டது. அதன் பின்புதான் C, D நிரல்களுக்கு நிபந்தனை வடிவமைப்பில் இதை இட்டு, எண்ணாக இல்லாத கட்டம் சிவப்பாகும்படி செய்தேன்:

```
=AND($A2<>"",NOT(ISNUMBER(C2)))
```

படிவத்துக்கு நியாயமான இடமும் உண்டு. நாளுக்கு ஐந்தாறு சந்திப்புகளே இருந்து, ஒவ்வொன்றிலும் பல கேள்விகளுக்கு விடை வேண்டுமென்றால் நானே படிவத்தைத்தான் சொல்வேன். புதிதாகச் சேர்பவருக்கும் அதில் கற்க ஒன்றுமில்லை. குறியீட்டு அட்டையைப் பார்த்து எழுதப் பழக எங்களிடம் ஒருவருக்கு இரண்டு வாரம் பிடித்தது. ஆறு பேருக்கு ஒட்டும் வேலை எனக்குப் பதினைந்து நிமிடத்தில் முடிகிறது. இருபது பேர் என்றால் அது சரிவருமா என்று அனுபவத்தில் சொல்ல என்னால் இயலாது. இடத்தைக் காட்டும் கட்டணச் செயலிகளைச் சில நாட்கள் மட்டுமே பார்த்தோம், ஆகவே அவற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது முறையல்ல.

புதுக் கடை வந்தால் பிரதிநிதி K000 என்று போட்டு, குறிப்பில் கடையையும் இடத்தையும் எழுதுகிறார். மறுநாள் காலை `Shops` தாளில் நான் குறியீடு கொடுத்து, அட்டையில் அவரே பேனாவால் சேர்த்துக்கொள்ளும்படி அந்த எண்ணைத் திருப்பி அனுப்புகிறேன்.