வார்ப்பிரும்பு வாணலியில் சிக்கன் பிரெஸ்ட்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

10 அங்குல வார்ப்பிரும்பு வாணலி விலை குறைந்திருக்கிறது, போன்லெஸ் சிக்கன் பிரெஸ்ட் வறுக்க வாங்கலாமா என்று தோழி கேட்டாள். சில வருடமாக எங்கள் வீட்டில் இதே அளவு வாணலிதான் புழங்குகிறது. எண்ணெய் பூசிப் பழக்குவது, துரு பிடிக்காமல் துடைத்து வைப்பது எல்லாம் அவளுக்கே தெரியும். அதனால் நெஞ்சுக்கறியை மட்டும் வைத்துப் பேசுகிறேன்.

முதலில் நல்லது. இதில் விழும் நிறம் எங்கள் வீட்டு நான்ஸ்டிக்கில் ஒரு நாளும் வந்ததில்லை. கறியின் மேல் ஈரம் போய், பரப்பு 140 டிகிரியைத் தாண்டினால்தான் பழுப்பு நிறமும் அந்த வாசனையும் வேகமாக வரும். குளிர்ந்த கறியைப் போட்டதும் லேசான பாத்திரத்தின் சூடு சட்டென்று இறங்கிவிடும். கறி தண்ணீர் விட்டு அதிலேயே வேகும். இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும் இரும்பு தன் சூட்டை அப்படி விடுவதில்லை. இரண்டாவது துண்டும் முதல் துண்டைப் போலவே சிவக்கும். இதற்காகவே இந்த வாணலி எனக்குப் பிடிக்கும்.

இனி என் கோபம். சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அதே குணத்தால், தேவைப்படும்போது இது சூட்டைக் குறைக்காது. தீயைச் சிம்மில் வைத்தாலும் அடுத்த இரண்டு மூன்று நிமிடத்துக்கு வாணலி பழைய வேகத்திலேயே கறியைச் சுடுகிறது. தொடைக்கறி என்றால் கொழுப்பும் சவ்வும் தாங்கிக்கொள்ளும். நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. உள்சூடு 65 டிகிரியைத் தாண்டத் தாண்டத் தசைநார்கள் இறுகி நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். 74-இல் சாறோடு இருக்கும் துண்டு 82-இல் நார் நாராகிவிடும். அந்த எட்டு டிகிரியை இந்த வாணலி கண் இமைக்கும் நேரத்தில் கடந்துவிடுகிறது.

வெளியே நன்றாகச் சிவக்கவிட்டால் சாறு உள்ளே அடைபடும் என்று பலர் சொல்வார்கள். அப்படி எதுவும் அடைபடுவதில்லை. வறுக்கும்போது கேட்கும் சுர்ர்ர் சத்தமே கறியிலிருந்து வெளியேறும் தண்ணீர்தான். சிவப்பு ருசிக்கு, சாறு நிற்பது உள்சூட்டைப் பொறுத்தது.

இந்தப் பிடிவாதத்தைச் சமாளிக்க நான் முதலில் கை வைப்பது கறியின் தடிமனில். கடையில் தரும் நெஞ்சுக்கறி ஒரு பக்கம் நான்கு சென்டிமீட்டர் தடித்து, வால் பக்கம் ஒரு சென்டிமீட்டராக மெலிந்திருக்கும். தடித்த பக்கம் வேகும் வரை காத்திருந்தால் மெலிந்த பக்கம் காய்ந்து போகும். எந்த வாணலியாலும் இதைச் சரிசெய்ய முடியாது. 280 கிராம் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்து, கத்தியைப் படுக்கவைத்துக் குறுக்கே இரண்டு தகடாகப் பிளக்கிறேன். பிறகு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்துப் பூரிக்கட்டையால் மெதுவாகத் தட்டி, தடித்த பக்கம் ஒன்றரை சென்டிமீட்டருக்கு இறங்கி, முடிந்தவரை ஒரே தடிமன் வருமாறு சமப்படுத்துகிறேன். தட்டும்போதே மரக்கட்டை போல விறைப்பாக இருந்தால், எவ்வளவு பக்குவமாக வறுத்தாலும் அதைக் கடித்து மெல்லச் சிரமமாகத்தான் இருக்கும். வேகமாக வளரும் பிராய்லர்களில், குறிப்பாகப் பெரிய துண்டுகளில், இந்தக் கோளாறு உண்டு. அதைப் பொடியாக நறுக்கிக் கைமாவுக்கு ஒதுக்கிவிடுவேன்.

உப்பு அந்த 280 கிராமுக்கு அரை டீஸ்பூன். தடவி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் உப்பு உள்ளே இறங்கி, வேகும்போது கறி கொஞ்சம் கூடுதலாக நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது, தயிர் எதுவும் வேண்டாம். விழுது கருகிக் கசக்கும். தயிரின் ஈரம் போகும் வரை நிறம் வராது. மிளகு கடைசியில் தூவினால் போதும். வாணலியில் போடும் முன் துணியால் ஒற்றி எடுத்து, தொட்டால் கையில் ஈரம் ஒட்டாத அளவுக்கு உலர்த்த வேண்டும்.

நம் கேஸ் அடுப்பில் தீ நடுவில்தான் படுகிறது. வார்ப்பிரும்பு சூட்டை மெதுவாகவே பரப்பும். வேகமாகத் தீ வைத்தால் நடுவில் கருகும், ஓரத்தில் வெளுத்திருக்கும். அதனால் மிதமான தீக்குச் சற்றுக் கீழே வைத்து ஆறேழு நிமிடம் காயவிடுகிறேன். அப்புறம் இரண்டு டீஸ்பூன் ரீஃபைன்டு கடலை எண்ணெய். வாணலியைச் சாய்த்தால் எண்ணெய் தண்ணீர் போல ஓடி நெளிய வேண்டும். புகை குபுகுபுவென்று வந்தால் சூடு அதிகம். வாணலியை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

துண்டைப் போட்டதும் நான்கு நிமிடம் அசைப்பதில்லை. ஆனால் மூன்றாவது நிமிடமே தீயைச் சிம்முக்குக் கொண்டுவந்துவிடுவேன். இரும்பு தாமதமாகத்தான் கேட்கும் என்பதால், திருப்புவதற்கு ஒரு நிமிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது. அடிப்பக்கம் சிவந்திருந்தால் தோசைத்திருப்பிக்கு எளிதாக விட்டுக்கொடுக்கும். ஒட்டிக்கொண்டால் இன்னும் அரை நிமிடம். திருப்பிய இரண்டாவது நிமிடத்திலிருந்து தெர்மாமீட்டரைப் பக்கவாட்டில், நடுப்பகுதி வரை செருகிப் பார்க்கிறேன். 70 அல்லது 71 காட்டியதும் எடுத்துவிடுவேன். சிம்மில் வைத்தாலும் வாணலி விடாமல் சுடுவதால், 65-ஐத் தாண்டியபின் அடிக்கடி பார்க்க வேண்டும்.

எடுத்த துண்டை அந்த வாணலியிலேயே விட்டுவைக்கவே கூடாது. அடுப்பை அணைத்தாலும் அது வெந்துகொண்டேதான் இருக்கும். கம்பித்தட்டின் மேல், மூடாமல், ஐந்து நிமிடம் வைக்கிறேன். வெளிப்புறச் சூடு நடுவுக்கு நகர்ந்து, உள்சூடு மூன்று நான்கு டிகிரி ஏறும். அமெரிக்க வேளாண்மைத் துறை கோழிக்குச் சொல்லும் 74 டிகிரியை அதுவே தொட்டுவிடும். தொட்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்; தொடவில்லையென்றால் மறுபடி அரை நிமிடம் வாணலியில். சற்று ஆறும்போது சாறும் கெட்டியாகும். அதனால் வெட்டும்போது பலகையில் ஓடாமல் கறியிலேயே தங்குகிறது. இவ்வளவு மெல்லிய துண்டுக்குப் பத்து நிமிடம் தேவையில்லை, ஆறிப்போகும்.

இப்படிச் செய்த துண்டை அமுக்கினால் சாறு துளிர்க்கும், ஓரம் மொறுமொறுவென்றிருக்கும். ஹோட்டலில் கிடைப்பதைவிட நன்றாக இருக்கிறது என்று மனதாரச் சொல்வேன். இருந்தாலும் தோழிக்கு வாங்காதே என்றுதான் பதில் எழுதினேன். அவள் வேலை விட்டு வந்து, ஒரு கையில் குழந்தையோடு சமைப்பவள். தீயைக் குறைத்த உடனே அடங்குகிற பாத்திரம்தான் அவளுக்கு வேண்டும். அடிகனமான ஸ்டீல் கடாய் அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. நிறம் கொஞ்சம் குறைந்தாலும் சொன்னபடி கேட்கும். அந்தப் பணத்தில் கூர்முனை கொண்ட டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கச் சொல்லியிருக்கிறேன். வாங்கியதும் ஐஸ்கட்டி நிறைந்த தண்ணீரில் முக்கிப் பார்க்கட்டும். பூஜ்யமோ அதற்கு ஒரு டிகிரி முன்பின்னோ காட்டவில்லையென்றால் கடையில் மாற்றிக்கொள்ளலாம்.