வாட்ஸாப்பில் அறுபது மணி நேரம் கடந்த பின்: ஒரு நீண்டகாலப் பயனரின் குறிப்பு

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் வாட்ஸாப் குழுவைப் பல ஆண்டுகளாக நிர்வகித்து வருகிறேன். அனுப்பிய செய்தியை எல்லோருடைய கைபேசியிலிருந்தும் நீக்கும் வசதி 2017 இறுதியில் வந்தபோது அதற்கான அவகாசம் வெறும் 7 நிமிடம்தான். 2018இல் அது ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டியது. 2022 ஆகஸ்ட் முதல் 2 நாள் 12 மணி நேரம், அதாவது 60 மணி நேரம் கிடைக்கிறது. அந்த நேரம் முடிந்த பிறகு என்ன ஆகிறது என்பதை அண்மையில் ஒரு நிகழ்வில் நெருங்கிப் பார்க்க நேர்ந்ததால் இதை எழுதுகிறேன்.

குடியிருப்பாளர் ஒருவர் வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்குச் சங்கச் செயலாளருக்கு அனுப்ப வேண்டிய தம் ஆதார் அட்டையின் படத்தைக் குழுவில் அனுப்பிவிட்டார். அவருக்கான அவகாசம் திங்கட்கிழமை காலை 8 மணியோடு முடிந்தது. அன்று பகல் 11 மணிக்கு அவர் செய்தியை அழுத்திப் பிடித்து நீக்கப் போனபோது, Delete for everyone என்ற தெரிவே திரையில் இல்லை; Delete for me மட்டுமே இருந்தது. எச்சரிக்கை எதுவும் வருவதில்லை. தெரிவு காணாமல் போவதை வைத்துத்தான் நேரம் முடிந்ததை அறிய முடியும்.

பதற்றத்தில் பலர் அந்த மிச்சத் தெரிவை அழுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் படம் அனுப்பியவரின் திரையிலிருந்து மட்டும் மறைகிறது, மற்ற அனைவரிடமும் அப்படியே இருக்கிறது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. நம் பிரதி இருக்கும்வரை அந்தச் செய்தியின் தகவல் பக்கத்தைத் திறந்து, அதை யார் யார் பார்த்துவிட்டார்கள், யாருக்குச் சென்று சேர்ந்தும் இன்னும் பார்க்கவில்லை என்று பெயர்வாரியாக அறியலாம். நீலக்குறியை அணைத்து வைத்திருப்பவர்களும் குழுச் செய்திகளில் இந்தப் பட்டியலில் வருவார்கள். நம் பிரதியை நீக்கிவிட்டால் அந்தப் பட்டியலும் போய்விடும். ஆகவே அவரிடம் எதையும் தொட வேண்டாம் என்று கூறி, முதலில் அந்தப் பட்டியலைத் திரைப்பிடிப்பு எடுக்கச் சொன்னேன். பிறகு அதில் உள்ளவர்களைத் தனித்தனியே தொலைபேசியில் அழைத்து, படத்தைத் தங்கள் கைபேசியிலிருந்து நீக்கும்படி கேட்டுக்கொண்டோம். நேரம் கடந்த பின் எஞ்சியிருந்த வழி இவ்வாறு மனிதர்களைக் கேட்பதுதான்.

இதன் காரணம் செயலியின் அமைப்பிலேயே இருக்கிறது. வாட்ஸாப்பில் செய்திகள் பெறுபவரின் கைபேசியிலேயே தங்குகின்றன. நிறுவனத்தின் சேவையகத்தில் உரையாடல் சேமித்து வைக்கப்படுவதில்லை. அனைவருக்கும் நீக்குவது என்பது, உண்மையில், குறிப்பிட்ட செய்தியை அழித்துவிடுமாறு மற்றவர்களின் செயலிகளுக்கு நாம் அனுப்பும் ஒரு வேண்டுகோள்தான். அது நிறைவேறாவிட்டால் நமக்கு அறிவிப்பு வராது. டெலிகிராமின் வழக்கமான உரையாடல்கள் சேவையகத்தில் இருப்பதால், 2019 முதல் இருவர் உரையாடலில் எவ்வளவு பழைய செய்தியையும் இருபுறத்திலும் நீக்க முடிகிறது. ஐஃபோனின் ஐமெசேஜில் அனுப்பியதைத் திரும்பப் பெற 2 நிமிடமே உண்டு. பெறுபவர் ஐஓஎஸ் 16க்கு முந்தைய பதிப்பில் இருந்தால் அதுவும் பலிக்காது.

நேரத்திற்குள் நீக்கினாலும் எல்லாம் போய்விடும் என்று நம்ப வேண்டாம். ஐஃபோனில் பெறுபவரின் படத்தொகுப்பில் சேமிக்கப்பட்ட படம், செய்தி நீக்கப்பட்ட பின்னும் தங்கியிருக்கலாம். வேறு குழுவுக்கு முன்னனுப்பப்பட்ட பிரதி தனிச் செய்தி என்பதால் நம் நீக்கம் அதை எட்டாது. குழு நிர்வாகிகள் பிறருடைய செய்தியையும் அனைவருக்கும் நீக்கலாம் என்பதால், அனுப்பியவர் உறங்கிக்கொண்டிருந்தாலும் நிர்வாகி ஒருவர் உடனே செயல்படுவது மிகவும் உதவும். வெள்ளி இரவே எங்களில் ஒருவர் அந்தப் படத்தைக் கவனித்திருந்தால் இவ்வளவு தொலைபேசி அழைப்புகளுக்குத் தேவை இருந்திருக்காது.

அந்தக் குடியிருப்பாளரை அன்றே ஆதார் இணையதளத்தில் தம் கைரேகை, கருவிழிப் பதிவுகளைப் பூட்டி வைக்கச் சொன்னோம். படத்தைத் திரும்பப் பெற முடியாதபோது, அதைக்கொண்டு செய்யக்கூடியவற்றுள் ஒன்றையாவது அது தடுக்கும். இப்போது ஆவணங்களைக் குழுவில் அல்லாமல் செயலாளரின் தனி உரையாடலில் மட்டும், கடைசி 4 இலக்கங்கள் மட்டுமே தெரியும் மறைக்கப்பட்ட ஆதாராகப் பெறுகிறோம். அந்த உரையாடலில் 24 மணி நேரத்தில் தானே மறையும் செய்தி அமைப்பை முன்கூட்டியே இயக்கி வைக்கிறோம். இயக்கிய பிறகு அனுப்பப்படும் செய்திகளுக்கு மட்டுமே அது பொருந்தும். பெறுபவர் படத்தைத் தனியே சேமித்துக்கொண்டால் அந்தப் பிரதி மறையாது. ஆகையால் சரிபார்த்தவுடன் சேமித்த பிரதியையும் அழிக்கும் பொறுப்பைச் செயலாளரிடமே ஒப்படைத்திருக்கிறோம்.